மூன்றும் பதினொன்றும்

கூட்டத்தில் குறிப்பெழுதுகிறவனுக்குக் கோபம் வரக்கூடாது என்பார்கள். எனக்கு வரும். இலங்கை மலையகத்து அட்டனில் தொழிற்சங்கத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அறுபதுகளின் தொடக்க வருஷங்களில், கோபமில்லாமல் நான் எழுதி முடித்த கூட்டக் குறிப்பு ஒன்றுகூட இல்லை என்றே நினைக்கிறேன். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் துரை, அதாவது தோட்ட மேலாளர், ஒரு கணக்குச் சொல்வார். எங்கள் பக்கம் வேறொன்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டும். தட்டிய சத்தத்தில் எது பெரியதோ அது உண்மை என்று எல்லோரும் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். பிறகு குறிப்பைத் தட்டெழுதிக் கொண்டுபோனால், "நான் எங்கேப்பா அப்படிச் சொன்னேன்?" என்பார்கள்.

அதனால் எனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டேன். யாராவது ஓர் எண்ணைச் சொல்லி, மற்றவர் அதை மறுத்தால், இரண்டையும் எழுதுவேன். யார் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார், எந்த நாளுக்கான எண் அது என்று பக்கத்திலேயே எழுதுவேன். கடைசியில், "இன்னும் சரிபார்க்கப்படவில்லை; யார் சரிபார்ப்பது, எப்போது" என்று ஒரு வரி. அவ்வளவுதான். இதற்காக எங்கள் மாவட்டப் பிரதிநிதி என்னைத் துரைமாரின் ஆள் என்பார். தோட்டத்துப் பெரிய கிளாக்கர்மார் என்னைச் சங்கத்துக் குறும்புக்காரன் என்பார்கள். இருவருமே வைதார்கள் என்பதால் நான் சரியாகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இங்கே நான் சொல்லப்போவது அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது.

அந்தத் தோட்டத்தில் மேட்டு லயத்துக்கு, அதாவது ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புக்கு, குடிதண்ணீர் ஒரே ஒரு பீலியிலிருந்து, மலையிலிருந்து ஒழுகும் தண்ணீர்த் தாரையிலிருந்து, வந்தது. பீலிக்கு மேலே, மலைச்சரிவில், மாட்டுப்பட்டி. அதற்கும் மேலே புதிதாகக் கட்டிய கக்கூசுகள். மழை பெய்தால் என்ன இறங்கி எங்கே வரும் என்று கண் உள்ள எவருக்கும் தெரியும். லயத்தில் காய்ச்சல் தொடங்கியது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல் அல்ல. ஏறினால் இறங்காத நெருப்புக் காய்ச்சல். பீலியை அடைத்துவிட்டு, எதிர்ச்சரிவு ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் தரவேண்டும் என்பது தொழிலாளர்களின் கோரிக்கை. அதைப் பேசத்தான் கூட்டம்.

கூட்ட நாளன்று பஸ்ஸை விட்டு இறங்கியபோது தோட்டத் தலைவர் றோட்டுக்கு வந்து காத்திருந்தார். தலைவர் என்றால் அந்தத் தோட்டத்தில் சங்கக் கமிட்டிக்குத் தலைவர். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல பேச்சாளர். அன்று பேசாமல் நடந்தார். ஆபீசுக்கு ஏறும் படியருகில் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, எங்க காம்பராவிலயும் பொஞ்சாதி படுத்திருக்கா. நாலு நாளாச்சு. அதை மட்டும் எழுதிறாதீங்க."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பலியாண்ணே?"

"கைப்புள்ளைய வுட்டுட்டுப் போகமாட்டேங்கறா. அதோட, போன மாசம் இங்கேருந்து லொறியில ஏத்திக்கிட்டுப் போன கெழவி திரும்பி வரலை. லயத்துல எல்லாருக்கும் அந்தப் பயந்தான். டிஸ்பென்சரிக்குப் போனாலே லொறியில ஏத்திருவாங்கன்னு மூடிக்கிட்டுப் படுத்திருக்காங்க."

அப்போதே எனக்கு எரிச்சல். நோயாளி ஒளிந்துகொண்டால் நோயை எப்படி எண்ணுவது? ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தில் ஆறு பேர் இருந்தோம். துரை, பெரிய கிளாக்கர், தோட்டத்து டிஸ்பென்சரியை நடத்தும் மருந்தாளர் - அவரை எல்லோரும் டாக்டரய்யா என்றே கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் மாவட்டப் பிரதிநிதி, தலைவர், நான். துரை தோட்டத் தமிழில் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டாக்டர் புஸ்தகம் பார்த்தாச்சி. மூணு பேருக்குத்தான் காய்ச்சல். மூணு பேருக்கு நான் பைப் போடவா?"

"மூணு இல்லீங்க தொரைங்களே, பதினொண்ணு," என்றார் தலைவர்.

டாக்டரய்யா புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தார். "இந்த வாரம் டிஸ்பென்சரிக்கு வந்தது மூணு பேர். பதினொண்ணு பேரு எங்க இருக்காங்க? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

தலைவர் பெயர் சொல்ல மாட்டார். பெயரைச் சொன்னால் மறுநாள் காலையில் லொறி வந்து நிற்கும். லயம் முழுக்க அவரைத்தான் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லும். எனக்கு அது தெரியும். டாக்டரய்யாவுக்கும் தெரியும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"பேர் இல்லாத கணக்கு கணக்கில்ல," என்றார் பெரிய கிளாக்கர். எங்கள் பிரதிநிதிக்கு மூக்குக்கு மேல் கோபம். "பதினொண்ணு என்ன, இருபதே இருக்கும்! நீங்க வந்து பாருங்க!" என்று கத்தினார். இருபது எங்கிருந்து வந்தது? யாரும் கேட்கவில்லை. மேசை தட்டப்பட்டது. மைக்கூடு ஆடியது.

நான் எழுந்து நின்றேன். எழுத்தர் எழுந்து நிற்பது அங்கே வழக்கமில்லை. அதனாலேயே ஒரு நிமிஷம் அமைதி கிடைத்தது.

"தலைவரண்ணே, பதினொண்ணுங்கிறது நீங்க எப்படி எண்ணினது?"

"ஞாயித்துக்கிழமை பொழுது சாய நானே மேட்டு லயத்துல காம்பரா காம்பராவாப் போனேன். படுத்துக் கெடக்கிறவங்களைத்தான் எண்ணினேன்."

"டாக்டரய்யா, உங்க மூணு?"

"சொன்னேனே. இந்த வாரம் டிஸ்பென்சரிக்கு வந்து மருந்து வாங்கினவங்க."

ஒருவர் வந்தவர்களை எண்ணியிருக்கிறார். மற்றவர் படுத்திருந்தவர்களை எண்ணியிருக்கிறார். இரண்டும் பொய்யில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு மணிநேரம் கத்த வேண்டியிருந்தது. நான் எழுதி, உரக்க வாசித்தேன்: மேட்டு லயத்தில் காய்ச்சல்காரர் தொகை பற்றி இணக்கமில்லை. நிர்வாகம் மூன்று என்கிறது. மூலம், டிஸ்பென்சரிப் புத்தகம், இவ்வாரம் வந்தவர்கள் மட்டும். தோட்டத் தலைவர் பதினொன்று என்கிறார். மூலம், ஞாயிறு மாலை அவர் நேரில் எண்ணியது, பெயர்கள் தரப்படவில்லை. இரண்டும் சரிபார்க்கப்படவில்லை. டாக்டரய்யாவும் தலைவரும் சேர்ந்து, வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, காம்பரா காம்பராவாகப் பார்த்து எண்ணுவது. குழாய் பற்றிய முடிவு அதன் பிறகு.

பிரதிநிதி சொன்ன இருபதைக் கேட்டேன். "அது பேச்சுக்குச் சொன்னது," என்று முணுமுணுத்தார். விட்டுவிட்டேன். துரை தலையை ஆட்டினார். வேலை முடிந்ததாக நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

மறுநாள் அட்டன் அலுவலகத்தில் குறிப்பைத் தட்டெழுதிக் கையெழுத்துக்குக் கொடுத்தபோது பிரதிநிதி பேனாவைத் திறக்கவில்லை.

"இதென்ன தம்பி, 'பெயர்கள் தரப்படவில்லை'? நம்ம ஆளையே நீ பொய்யனாக்குறியா? அதை எடுத்துட்டு, இருபதுக்கு மேலன்னு போடு."

"நீங்கதானே பேச்சுக்குச் சொன்னதுன்னீங்க, அண்ணே."

"கூட்டத்துல சொன்னது சொன்னதுதான்."

"அப்ப எதைப் பார்த்துச் சொன்னீங்கன்னும் எழுதணும். என்ன எழுத?"

அவர் என்னை முறைத்துவிட்டு நுவரெலியாவுக்கு வேறு வழக்குக்குப் போய்விட்டார். குறிப்பு கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது. அவர் திரும்பி வந்த பிறகும் இழுத்தடித்தார். நானும் விடவில்லை. ஒருவழியாக, "உன்னோட மாரடிக்க முடியாது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் நாட்கள் போய்விட்டன. அந்த நாட்களில் மேட்டு லயம் அதே பீலித் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கையெழுத்தான பிரதியை எடுத்துக்கொண்டு துரையின் கையெழுத்துக்காகத் தோட்டத்துக்குப் போனேன். பெரிய கிளாக்கர் புன்னகையோடு ஒரு தாளை நீட்டினார்.

"சரிபார்த்தாச்சு. ரெண்டே ரெண்டு பேர். உங்க குறிப்புல மூணையும் பதினொண்ணையும் வெட்டிட்டு ரெண்டுன்னு போட்டுக்குங்க."

"யார் பார்த்தது?"

"நானும் டாக்டரய்யாவும்."

"தலைவர்?"

"அவரு மலையில வேலையா இருந்தாரு."

"எப்பப் போனீங்க?"

"காலைலதான். பெரட்டு முடிஞ்சதும்."

நான் சிரித்துவிட்டேன், சந்தோஷத்தில் அல்ல. பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்தில், பெயர் கொடுத்து ஆட்கள் எல்லாம் மலைக்கு ஏறிய பிறகு லயத்தில் யார் இருப்பார்கள்? காய்ச்சலோடு எழுந்து நிற்க முடிந்தவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போயிருப்பார்கள்; அன்றைய கூலிக்குப் பெயர் விழவேண்டுமே. நிற்க முடியாதவர்கள் பூட்ஸ் சத்தம் கேட்டதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். பூட்டிய காம்பராக்களைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "அடுத்தவன் கதவை உடைக்கச் சொல்றீங்களா?" என்றார்.

மூன்றையும் பதினொன்றையும் நான் வெட்டவில்லை. ஒருமுறை எழுதியதை வெட்ட ஆரம்பித்தால் பிறகு குறிப்பு எதற்கு? அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: நிர்வாகம் இப்போது இரண்டு என்கிறது, மூலம், பெரிய கிளாக்கரும் மருந்தாளரும் காலையில், ஆட்கள் வேலையில் இருந்தபோது பார்த்தது, பூட்டிய காம்பராக்கள் பார்க்கப்படவில்லை, தலைவர் உடன் இல்லை. தீர்மானித்தபடியான கூட்டுச் சரிபார்ப்பு இன்னும் நடக்கவில்லை.

"இப்ப மூணு கணக்கு இருக்கே!" என்றார் பெரிய கிளாக்கர்.

"ஆமாங்க. மூணுல எது சரின்னு நமக்குத் தெரியாது."

துரையிடம் எல்லா வரியையும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கிளாக்கரைப் பார்த்து, "உண்மைதானா?" என்றார். உண்மைதான் என்று கிளாக்கர் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. துரை கையெழுத்துப் போட்டார்.

கூட்டு எண்ணிக்கையை இனி இவர்களை நம்பி விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு மேட்டு லயத்துக்கு ஏறினேன். தலைவர் வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருட்டில் அவர் மனைவி படுத்திருந்தார். கம்பளியை மேலே இழுக்கக்கூடக் கையில் வலுவில்லை. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், புரியவில்லை.

"அண்ணே, இதுக்கு மேல வச்சிருக்காதீங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

தலைவர் என்னை வெளியே கூட்டிவந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னது இது:

"போறேங்க தம்பி. அவளும் இப்ப சரின்னுட்டா. ஆனா எண்ணி முடியட்டும். இன்னைக்கு இவளை அனுப்பினா நாளைக்கு எண்ணும்போது பத்துதானே வரும்? தலைவன் பொய் சொன்னான்னு பைப்பே இல்லேன்னுருவாங்க. அப்புறம் இந்தப் புள்ளைங்க எல்லாம் இதே தண்ணியத்தான் குடிக்கணும்."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. "எழுதியிருக்கேண்ணே! ஞாயித்துக்கிழமை நீங்க பார்த்தது பதினொண்ணுன்னு நாளோட எழுதியிருக்கேன். அதுக்கப்புறம் யாரு போனாலும் அந்தக் கணக்குல குறையாது. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க அங்க குடுக்குற துண்டைக் காட்டினா அதுவே அத்தாட்சி. துரை கையெழுத்தும் போட்டாச்சு, இங்க பாருங்க!"

பிரதியை விரித்துக் காட்டினேன். அவர் பார்த்தார். மரியாதைக்குப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். துரையின் கையெழுத்துள்ள தாள்களால் அவருக்கும் அவர் அப்பாவுக்கும் நேர்ந்ததெல்லாம் வேறு. அவர்களை வேலையை விட்டு நிறுத்தியதும் லயத்தை விட்டு எழுப்பியதும் அப்படிப்பட்ட தாள்கள்தான். ஒரு தாள் அவர் பக்கம் நின்று பேசும் என்பதை அவர் எங்கே கண்டார்?

"எண்ணி முடியட்டுங்க தம்பி," என்றார் மறுபடியும்.

மன்றாடினேன். பக்கத்துக் காம்பராக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவளும் சொன்னாள். அவர் அசையவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இறங்கி வரும் வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். யாரை என்று தெரியவில்லை, எல்லோரையும்தான்.

அடுத்த நாள் விடிந்ததும் நகரத்துச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனேன். சிங்களவர், கறாரான மனிதர். சங்கத்து ஆள் என்றதும், "முறைப்பாடா? முறைப்பாடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கு," என்று சிங்களத்தில் சலித்துக்கொண்டார். நான் முறைப்பாடு எதுவும் கொடுக்கவில்லை. கூட்டக் குறிப்பின் பிரதியை மட்டும் மேசையில் வைத்தேன். வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"தெரியாது என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்திருக்கிறீர்களே," என்றார். "உங்கள் சங்கம் இருபது என்று எழுதி வந்திருந்தால் தோட்டத்தைக் கேட்டிருப்பேன். தோட்டம் இரண்டு என்று சொல்லியிருந்தால் கோப்பை மூடியிருப்பேன். இது நான் போய்த்தான் பார்க்க வேண்டிய விஷயம்."

போனார். ஆனால் அவருக்கும் ஜீப் கிடைக்க வேண்டுமே. அதற்கு மேலும் நாட்கள் ஆயின. தினமும் அவர் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். "நாளைக்கு" என்றார்கள். நாளைக்கு, நாளைக்கு.

பரிசோதகர் தோட்டத்துக்குப் போன நாளன்று எனக்குச் செய்தி பிந்தித்தான் வந்தது. நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எண்ணி முடித்து ஆபீசில் உட்கார்ந்திருந்தார்கள். மாலையில், ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, டாக்டரய்யாவையும் தலைவரையும் கூட்டிக்கொண்டு காம்பரா காம்பராவாகப் போயிருக்கிறார் பரிசோதகர். லொறி இல்லை, யாரையும் பலவந்தமாக ஏற்றமாட்டேன் என்று வாசலில் நின்று அவரே சொன்னாராம். கதவுகள் திறந்தன. பீலித் தண்ணீரைப் போத்தலில் பிடித்து முத்திரை வைத்திருந்தார். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் பீலியை அடைக்கும்படி துரைக்கு அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். குழாய் வரப்போகிறது. நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

பெரிய கிளாக்கர் என்னைக் கண்டதும், "எழுதிக்குங்க," என்றார். "சரிபார்த்த கணக்கு, பத்து. மூணும் இல்லை, ரெண்டும் இல்லை, ஒத்துக்கிறோம். ஆனா உங்க தலைவர் சொன்ன பதினொண்ணும் இல்லை. அதையும் எழுதணும். தலைவரின் எண் பிழை என்று."

தலைவர் சுவரோரம் நின்றிருந்தார். தலை மழித்திருந்தது.

நான் டாக்டரய்யாவைப் பார்த்தேன். அவர் தன் புத்தகத்தைப் பார்த்தார். "எப்பண்ணே?" என்று தலைவரைக் கேட்டேன். "முந்தாநாத்து போயிட்டா," என்றார். தோட்டத்து மரணப் பதிவை எழுதியவரே டாக்டரய்யாதான். அவருக்குத் தெரியாமல் ஒரு சவம் அந்தத் தோட்டத்தில் மண்ணுக்குப் போக முடியாது. எனக்கு வந்த கோபத்தில் மைப்பேனா தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் எடுத்தேன்.

எழுதியதை வழக்கம்போல உரக்க வாசித்தேன்: கூட்டுச் சரிபார்ப்பு நடந்தது. இன்று படுத்திருப்பவர்கள் பத்துப் பேர். மூலம், சுகாதாரப் பரிசோதகர், மருந்தாளர், தலைவர் மூவரும் நேரில் கண்டது. தலைவர் எண்ணிய நாளில் பதினொரு பேர் இருந்தனர். அவர்களில் ஒருவர் இரண்டு நாட்களுக்கு முன் இறந்தார். மூலம், தோட்ட மரணப் பதிவும் கணவரின் வாக்குமூலமும். தலைவரின் எண் சரி.

பெரிய கிளாக்கர் கையெழுத்துப் போட்டார். தாள் சுற்றி வந்து தலைவரிடம் போனது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த முறை மெய்யாகவே வாசித்தார்; ஒவ்வோர் எழுத்தாக, உதடு அசைய. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவ இப்ப கணக்குல இருக்காளா தம்பி?"

"இருக்காங்கண்ணே," என்றேன்.

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தாலும் இருந்திருப்பாளா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்து கையெழுத்துப் போட்டார்.